சோறா, அரிசியா? கணக்கில் விட்டுப்போன 830 கலோரி

*அக்கா, வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். வயது 38, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. இறால் கம்பெனியில் நின்றுகொண்டே செய்கிற வேலை. ஆறு வாரமாகச் சாப்பிடுவதையெல்லாம் போனில் ஒரு ஆப்பில் ஏற்றி வருகிறேன். நாளைக்கு 1,500 கலோரி என்று அதுவே இலக்கு போட்டுக் கொடுத்தது. போன புதன்கிழமைக் கணக்கு இது:*

*கருப்பட்டி காபி, காலையும் மாலையும் – 10*
*இட்லி 4 – 220*
*தேங்காய்ச் சட்னி – 50*
*சோறு 150 கிராம் – 195*
*மீன் குழம்பு, மீன் 100 கிராம் – 100*
*கீரைப் பொரியல் – 60*
*வாழைப்பழம் 1 – 90*
*தோசை 3, மதியக் குழம்போடு – 360*
*பால் 1 டம்ளர் – 120*
*மொத்தம் 1,205.*

*வீட்டில் நாலு பேர். 600 கிராம் அரிசி போடுவேன், அதனால் என் பங்கு 150 கிராம். தினமும் 1,200, 1,300 என்றுதான் வருகிறது. ஆனால் எடை 68-ஐ விட்டு அசையவில்லை. இலக்கை 1,000 ஆக்கிவிடட்டுமா? இல்லை, உடம்பில் ஏதும் கோளாறா?*

*– ஒரு வாசகி, மண்டபம்*

1,000 ஆக்க வேண்டாம், தங்கச்சி. இப்போதுள்ள இலக்கையும் கொஞ்ச நாளைக்குத் தொட வேண்டாம். முதலில் சரிபார்க்க வேண்டியது உங்கள் உடம்பையல்ல, அந்த ஒன்பது வரிகளை.

அதை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எடை மெஷின் ஆறு வாரமாக ஒரே எண்ணைக் காட்டியிருக்கிறது. ஒரு நாள், இரண்டு நாள் எடை நிற்பதற்கு நூறு காரணம் இருக்கும். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் எதுவும் ஒரு கிலோவை ஏற்றி இறக்கும். ஆனால் ஆறு வாரம் அசையாமல் நின்றால், சராசரியாக உடம்பு செலவழிக்கிற அளவுக்கே சாப்பாடும் உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உங்கள் உடம்பின் செலவு எவ்வளவு இருக்கும்? 1990-இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் நாங்கள் அதிகம் பயன்படுத்துகிறோம். பெண்களுக்கு அது இப்படி: எடையைப் பத்தால் பெருக்கினால் 680. உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 969. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கான 190-ஐயும், அப்புறம் 161-ஐயும் கழித்தால் 1,298. நாள் முழுக்கச் சும்மா படுத்திருந்தாலும் உடம்பு கேட்கிற கலோரி இது. நின்று வேலை, நடை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் சேர்த்து இதை 1.55-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2,010 வருகிறது. உங்கள் ஆப் இதில் 500-ஐக் கழித்துத்தான் 1,500 என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஆக, செலவு சுமார் 2,000. வரவு 1,205 என்பது உண்மையானால் நாளுக்கு 800 கலோரி பற்றாக்குறை. ஆறு வாரத்துக்கு 42 நாள், 33,600 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்தால் நாலு கிலோவுக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். ஒரு கிலோகூட இறங்கவில்லை. தைராய்டு குறைந்திருந்தால்கூட இத்தனை பெரிய வித்தியாசத்தை அது ஒன்றே விழுங்கிவிடாது. எனவே கணக்கில்தான் எங்கோ ஓட்டை இருக்கிறது.

உங்கள் கூட்டலை நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். 1,205 சரியாக இருக்கிறது. கூட்டல் தப்பில்லை, கூட்டப்பட்ட எண்கள்தான் தப்பு. அதில் பெரிய தப்பு நாலாவது வரியில் இருக்கிறது.

அரிசியை எப்போது நிறுத்தீர்கள்? களைவதற்கு முன்னால், காய்ந்த அரிசியாக. 600-ஐ நாலால் வகுத்து 150 என்று எடுத்தீர்கள். அதுவரை சரி. ஆனால் ஆப்பில் தேடும்போது நீங்கள் தொட்டது `Rice, cooked` என்ற வரியாக இருக்க வேண்டும். ஏனென்றால் 150 கிராமுக்கு 195 வருகிறதென்றால், 100 கிராமுக்கு 130. அது வெந்த சோற்றின் கணக்கு. வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான், தண்ணீருக்குக் கலோரி கிடையாது. காய்ந்த அரிசிக்கு 100 கிராமில் 356. அதாவது, நிறுத்தது அரிசியை, விலை போட்டது சோற்றுக்கு.

சரியான கணக்கு, ஒன்றரையை 356-ஆல் பெருக்க 534. 535 என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு வரியிலேயே 340 கலோரி விட்டுப்போயிருக்கிறது. ஒரு நாளில் இத்தனை என்றால், மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேல்.

இதை நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். நாளைக்குக் குக்கர் திறந்ததும் சோற்றை முழுதாக நிறுத்துப் பாருங்கள். 600 கிராம் அரிசி நீங்கள் வைக்கிற தண்ணீரைப் பொறுத்து 1,600-இலிருந்து 1,800 கிராம் வரை சோறாகும். 1,650 கிராம் வந்தது என்று வைப்போம். உள்ளே போன கலோரி 600 கிராம் அரிசியுடையது, 2,136. அதை 1,650-ஆல் வகுத்தால் கிராமுக்கு 1.29. ஆப் சொல்கிற 130-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆப் பொய் சொல்லவில்லை, அது வேறு பொருளைப் பற்றிச் சொல்கிறது. உங்கள் தட்டில் விழுகிற கால் பங்கு 412 கிராம் சோறு. நீங்கள் எழுதிய 150 கிராம் சோறு என்பது ஒரு சின்னக் கிண்ணம்தான். ஒரு முறை அந்த 150 கிராமை நிறுத்துத் தட்டில் போட்டுப் பாருங்கள். இறால் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் மதியத்துக்கு அவ்வளவுதான் சாப்பிடுவாரா என்று கண்ணே சொல்லிவிடும்.

இனி எப்போதும் அரிசியாகவே நிறுத்து, `Rice, raw` என்ற வரியிலேயே ஏற்றுங்கள். சோற்றைவிட இது பிசகாது. ஒரு நாள் குழைய வடிப்போம், ஒரு நாள் உதிரியாக எடுப்போம், பழையது என்றால் ஊறிக் கனத்திருக்கும். சோற்றின் எடை நாளுக்கு நாள் மாறும், அரிசியின் எடை மாறாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நாலு பேரும் சம அளவு சாப்பிட்டால்தான் நாலால் வகுக்கலாம். கடலுக்குப் போய்விட்டு வருகிறவரும் எட்டு வயதுப் பிள்ளையும் ஒரே அளவு சாப்பிட மாட்டார்கள். அப்போது வெந்த சோறு மொத்தம் எவ்வளவு, உங்கள் தட்டில் எவ்வளவு என்று இரண்டு எடையும் எடுத்து, மேலே நான் வகுத்த மாதிரி வகுக்க வேண்டும்.

ஆப்பை நம்பாமல் அச்சிட்ட அட்டவணையைப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணைதான் நமக்கு நம்பகமானது. அதில் தீட்டிய பச்சரிசிக்கு 1,491 என்று போட்டிருக்கும். பார்த்தவுடன் பயந்துவிட வேண்டாம். அது கிலோஜூல். 4.184-ஆல் வகுத்தால் 356 கலோரி. சில பாக்கெட்டுகளிலும் இரண்டு அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எதை எடுத்தோம் என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

அடுத்து குழம்பு. நீங்கள் மீனை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். மீனுக்கு நீங்கள் போட்ட எண்ணில் குறையில்லை. பாறை, நகரை மாதிரி மீன்கள் 100 கிராமுக்குச் சுமார் 100 கலோரிதான். நெய் பிடித்த காலத்துச் சாளை மட்டும் இதைவிடக் கூடுதலாக வரும். ஆனால் நாம் சாப்பிடுவது மீனையல்ல, மீன் குழம்பை. அதில் தேங்காய் அரைத்து ஊற்றியிருக்கிறோம், எண்ணெய் இருக்கிறது, சின்ன வெங்காயம் வதங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டுச் சட்டியை நான் பார்த்ததில்லை. போன மாதம் பாம்பனில் ஒரு வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து அளந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மா தன் நோட்டில் தினமும் "எண்ணெய் 2 ஸ்பூன்" என்று எழுதி வந்தார். மனதறிந்து பொய் எழுதுகிறவர் இல்லை. அதனால் எண்ணெயை அளக்கச் சொல்லாமல், எண்ணெய் பாட்டிலை மட்டும் சமையலுக்கு முன்னால் தராசில் வைக்கச் சொன்னேன். 812 கிராம். அப்புறம் அவர் பாட்டுக்குச் சமைத்தார். வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளிக்க ஒரு ஊற்று. வெங்காயம் அடி பிடிக்கிற மாதிரி தெரிந்ததும் இன்னொரு ஊற்று. குழம்பு கொதித்து மீன் வெந்து, இறக்குகிற நேரத்தில் நல்லெண்ணெயை மேலாகச் சுற்றி ஒரு வளையம். மறுபடி பாட்டிலை வைத்தோம். 762. ஐம்பது கிராம் போயிருக்கிறது. இரண்டு டீஸ்பூன் என்றால் ஒன்பது கிராம்தான். கடைசியாகச் சுற்றி விட்ட வளையத்தை அவர் எண்ணெய் கணக்கிலேயே சேர்த்ததில்லை. "அது வாசத்துக்குத்தானே" என்றார்.

எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் இதில் ஒன்றுதான். 50 கிராமுக்கு 450. சுத்தம் செய்த மீன் 600 கிராம், அதற்கு 600. அரை மூடித் தேங்காய் துருவியது 100 கிராம், அதற்கு 400. வெங்காயம், தக்காளி, புளி, மிளகாய்த் தூள், மல்லித் தூள் எல்லாம் சேர்த்து 200. முழுச் சட்டிக்கும் 1,650 கலோரி. மண்சட்டியின் எடை எங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் அதைக் கழித்து, குழம்பு மட்டும் 1,500 கிராம் என்று கண்டோம். 1,650-ஐ 1,500-ஆல் வகுத்தால் 100 கிராம் குழம்புக்கு 110 கலோரி.

இதுதான் சட்டிக் கணக்கு. எந்தக் கூட்டு, குழம்பு, பிரியாணியாக இருந்தாலும் வழி ஒன்றுதான். உள்ளே போடுவதையெல்லாம் பச்சையாக நிறுத்து, பச்சைக்கான எண்ணைப் போட்டுக் கூட்டுங்கள். கடைசியில் வெந்ததை நிறுத்து வகுங்கள். அப்புறம் உங்கள் தட்டில் விழுந்ததை மட்டும் நிறுத்தால் போதும். காலிச் சட்டியின் எடையை அடுப்படிச் சுவரில் ஒரு முறை எழுதி ஒட்டிவிட்டால், ஒவ்வொரு தடவையும் கொட்டிக் கழுவிப் பார்க்க வேண்டியதில்லை.

தினமும் இதைச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வருகிற சமையல் ஏழெட்டுத்தான் இருக்கும். வாரத்துக்கு இரண்டு என்று அளந்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஆப்பில் உங்கள் சொந்தப் பதார்த்தமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். `Fish curry` என்று தேடி வருகிற வரியை எடுத்தால், அது யாரோ எங்கோ தேங்காய் இல்லாமல் வைத்த குழம்பாக இருக்கும். நம் கரையில் தேங்காய் இல்லாமல் மீன் குழம்பு வைப்பவர்களும் உண்டுதான். அப்படி வைத்தால் இதே சட்டி 1,250-க்கு வந்துவிடும். அதனால்தான் உங்கள் சட்டியை நீங்களே அளக்க வேண்டும் என்கிறேன்.

பாம்பன் சட்டியையே உங்களுக்கும் வைத்துப் பார்ப்போம். மதியம் ஒரு துண்டு மீனும் ஊற்றிய குழம்புமாக 250 கிராம். அதற்கு 275 கலோரி. நீங்கள் எழுதியது 100. ராத்திரி தோசைக்கு அதே குழம்பைத் தொட்டுக்கொண்டீர்கள், அதற்கு எண்ணே போடவில்லை. மிஞ்சிய குழம்பு என்றால் அது ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்ளும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. மதியம் எழுதியது மதியம் சாப்பிட்டதை மட்டும்தான். ஒரு கரண்டிக் குழம்பு 90 கிராம் வரும், 100 கலோரி என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்னிக்கும் இதே கதைதான். அரை மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, தாளிக்க ஒரு குழிக்கரண்டி எண்ணெய் என்றால் 400, 150, 120 சேர்ந்து 670. நாலு பேருக்கு வகுத்தால் 165-க்கு மேல் வருகிறது. தண்ணீர் விட்டு நீர்க்க அரைத்தாலும் உள்ளே போன தேங்காய் குறையாது.

காபி வரியைப் பார்த்தபோது ஆப் எங்கே இழுத்துவிட்டது என்று உடனே தெரிந்தது. `Coffee, black` என்று எடுத்திருக்கிறீர்கள். பால் இல்லாததால் அது சரி என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் கருப்பட்டி அந்த வரியில் இல்லை. நம் பக்கத்துக் கருப்பட்டி சர்க்கரையைவிட நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ருசியும் தாது உப்பும் உண்டு, ஆனால் கலோரியில் அது சர்க்கரைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 15 கிராம் துண்டுக்கு 55 கலோரி. இரண்டு வேளைக்கு 110.

இட்லி, கீரை, பழம், தோசை, பால் ஐந்தையும் நான் தொடவில்லை. ஓரளவு சரியாகவே இருக்கின்றன. தோசைக் கல்லில் ஊற்றும் எண்ணெயைச் சேர்த்துத்தான் ஒன்றுக்கு 120 போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதே புதன்கிழமையை மறுபடி கூட்டுவோம். காபி 110, இட்லி 220, சட்னி 165, அரிசி 535. இதுவரை 1,030. மதியக் குழம்பு 275, கீரை 60, பழம் 90. 1,455. தோசை 360, ராத்திரிக் குழம்பு 100, பால் 120. மொத்தம் 2,035.

மேலே சூத்திரத்தில் உங்கள் உடம்பின் செலவு 2,010 என்று வந்ததல்லவா? பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எடை ஏன் 68-லேயே நிற்கிறது என்பதற்கு இனி வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இவ்வளவு பக்கத்தில் வந்தது கொஞ்சம் தற்செயல்தான். சூத்திரமே ஆளுக்கு ஆள் 10 சதவீதம் அப்படி இப்படிப் போகும், என் பாம்பன் சட்டியும் உங்கள் சட்டியும் ஒன்றல்ல. ஆனால் 1,205 என்ற எண் நிற்காது என்பது மட்டும் உறுதி.

நீங்கள் 1,000 என்று இலக்கு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலர் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அரிசிக் கணக்கு தப்பு என்று தெரியாது. அதனால் அந்த வரி சின்னதாகத் தெரியும், அதை விட்டுவிடுவீர்கள். இட்லி 220, தோசை 360, பால் 120 என்று பெரிதாகத் தெரிகிற வரிகளை வெட்டுவீர்கள். பால் போகும், காலைச் சாப்பாடு போகும், சில பேர் மீன் துண்டையே குறைப்பார்கள். உண்மையில் கலோரி ஏறுகிற இடங்களான எண்ணெய், தேங்காய், அரிசி மூன்றும் அப்படியே இருக்கும். பதினைந்து நாளில் தலைசுற்றல், முடி உதிர்வு, கம்பெனியில் நிற்க முடியாத அசதி. எடையோ சொற்பமாக இறங்கும்.

அதனால் திருத்திய கணக்கை வைத்து இறங்குங்கள். 2,035-இலிருந்து ஒரேயடியாக 1,500-க்குக் குதிக்க வேண்டாம். முதல் மாதம் 1,650 போதும். உங்கள் பட்டியலிலிருந்தே எடுத்துக் காட்டுகிறேன். உங்கள் பங்கு அரிசி 150-லிருந்து 110 கிராம், அதில் 140 குறையும். ராத்திரி மூன்றாவது தோசையை விட்டால் 120. தேங்காய்ச் சட்னியைப் பாதியாக்கி மீதிக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டால், சாம்பாரின் கலோரியைக் கழித்தும் 80 மிஞ்சும் என்று வையுங்கள். மாலைக் காபிக்குக் கருப்பட்டி வேண்டாம், 55. மொத்தம் 395. மீன் துண்டை மட்டும் குறைக்காதீர்கள், முடிந்தால் இன்னொரு துண்டு சேர்த்துக் குழம்பைக் குறைத்து ஊற்றிக்கொள்ளுங்கள். எடை இறங்கும்போது தசை கரையாமல் காப்பது அந்தப் புரதம்தான்.

நாளுக்கு 395 என்றால் முப்பது நாளில் சுமார் 11,850. ஒன்றரை கிலோ. மெதுவாகத் தெரியும், ஆனால் இந்த வேகம் நிற்காமல் போகக்கூடியது.

இலக்கோடு ஒப்பிடுவதை நாள் நாளாகச் செய்யாதீர்கள், வாரமாகச் செய்யுங்கள். ஏழு நாள் மொத்தத்தைக் கூட்டி ஏழால் வகுங்கள். ஆறு நாள் 1,600 சாப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் 2,600 போனால், சராசரி 1,743. ஆப் அந்த ஞாயிறைச் சிவப்பில் காட்டும், மற்ற ஆறு நாளைப் பச்சையில் காட்டும். இரண்டையும் பார்க்காமல் 1,743-ஐ மட்டும் பாருங்கள். அந்த ஞாயிற்றை எழுதாமல் விடுவதுதான் உண்மையில் கெடுக்கும். எழுதாத நாளை ஆப் சுழியமாக எடுத்துக்கொண்டால் சராசரியே பொய்யாகிவிடும். எடையும் அப்படித்தான். காலையில் எழுந்து கழிவறை போய்வந்த பின் தினமும் பார்த்து, வாரச் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு வையுங்கள்.

ஆப்பில் நடையை ஏற்றினால் "இன்னும் 200 சாப்பிடலாம்" என்று காட்டும். அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வேலையும் நடையும் 1.55 என்ற பெருக்கத்துக்குள்ளேயே வந்துவிட்டன, மறுபடி சேர்த்தால் ஒன்றை இரண்டு தடவை எண்ணியதாகும்.

நம் கரைக்கே உரிய ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை வரும். அந்த நாட்களில் நிறைய வீடுகளில் கருவாடு சட்டியேறும். கருவாட்டை மீன் என்று எழுதினால், அரிசியைச் சோறு என்று எழுதிய அதே தப்பு மறுபடி நடக்கும். மீனில் முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்ததும் அது போய்விடுகிறது, சத்து சுருங்கி நிற்கிறது. 100 கிராம் மீனுக்கு 100 கலோரி என்றால், அதே எடைக் கருவாட்டுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் போடலாம், பொரித்த எண்ணெய் தனி. அப்புறம், கருவாடு சாப்பிட்ட மறுநாள் எடை முக்கால் கிலோ, ஒரு கிலோ ஏறினால் கலங்காதீர்கள். உப்பு பிடித்து வைத்திருக்கிற தண்ணீர் அது, இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

இவ்வளவு செய்தாலும் கணக்கு நூற்றுக்கு நூறு வராது. ஒரு இட்லிக்கும் அடுத்த இட்லிக்கும் பத்து கிராம் வித்தியாசம் இருக்கும், வாழைப்பழம் ஒன்று சின்னதாக இருக்கும். கவனமாக எழுதியவர்களுடைய கணக்கும் நூறு, நூற்றைம்பது கலோரி முன்பின் இருக்கவே செய்யும். எனவே 1,650-க்கு 1,668 வந்தால் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். எண்களை ஐந்து, பத்தாக முழுமையாக்கி எழுதினால் போதும். எப்போதும் கீழ்ப்பக்கமாகவே முழுமையாக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

அரிசியை அரிசியாகவும் குழம்பைச் சட்டிக் கணக்கிலும் நாலு வாரம் எழுதி, வாரச் சராசரி 1,650-இல் நின்று, அப்படியும் எடை சராசரி இறங்கவில்லை என்றால், அப்போது டாக்டரிடம் போய் தைராய்டைப் பார்க்கிற டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் நாலு வாரம் காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்பே அவரிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது இரண்டுதான். எண்ணெய் பாட்டிலைக் குழம்புக்கு அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, குழம்பை இறக்கியதும் ஒரு தடவை நிறுங்கள். குக்கரைத் திறந்ததும் சோற்றை நிறுங்கள். அந்த மூன்று எண்களையும், குழம்பில் போட்டவற்றின் பச்சை எடையையும், மீன் சட்டியின் எடையைக் காலியாகவும் குழம்போடும் எழுதி அனுப்புங்கள். உங்கள் வீட்டுக் குழம்புக்கு 100 கிராமுக்கு எத்தனை என்று சேர்ந்தே போட்டுவிடலாம்.